வாட்ஸ்அப்பில் வந்த டிராயிங்: துளை போடும் முன் மூலைப் பெட்டியைப் படியுங்கள்

ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகளுக்கு டிராயிங் இப்போது போட்டோவாகவே வருகிறது. மேசைமேல் கிடக்கும் தாளைச் சாய்வாகப் படம் எடுத்து, "அண்ணே, இருநூறு பீஸ், அர்ஜென்ட்" என்று அனுப்பிவிடுகிறார்கள். பீஸ் ரிஜெக்ட் ஆனால் நஷ்டம் பட்டறைக்காரர் தலையில் விழுகிறது. அதைத் தவிர்க்க உதவும் விவரம் தாளின் வலப்பக்கக் கீழ் மூலையில், டைட்டில் பிளாக்கில் இருக்கிறது.

ஒரு ஃபிளேன்ஜ் ஜாப்பை எடுத்துக்கொள்வோம். டிராயிங் எண் 2038-118. பழைய ரிவிஷனான பி-யில் எம்12 போல்ட்டுக்காக 13.5 மி.மீ. துளைகள். அடுத்த ரிவிஷனான சி-யில் போல்ட் எம்10 ஆகிவிட்டது. துளை 11 மி.மீ. போதும். சிறிய துளையைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம். பெரிய துளையைச் சிறிதாக்க வழியில்லை. பழைய தாளைப் பார்த்து வேலை செய்தால் இருநூறு பீஸும் ஸ்கிராப்.

வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் சிறிய எழுத்துகள் கரைந்துவிடும். 3-ம் 8-ம் ஒன்றுபோலத் தெரியும். பி என்ற ஆங்கில எழுத்தும் 8 ஆகத் தோன்றும். எனவே எண்ணை ஒரே இடத்தில் பார்த்து முடிவுகட்டக் கூடாது. பல நிறுவனத் தாள்களில் அதே எண் இடப்பக்க மேல்மூலையில் தலைகீழாகவும் அச்சாகியிருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பர்ச்சேஸ் ஆர்டரில் உள்ள எண்ணும் அதுவாகவே இருக்க வேண்டும்.

ரிவிஷனுக்கும் இரண்டு இடங்கள் உண்டு. டைட்டில் பிளாக்கில் ஓர் எழுத்து மட்டும் நிற்கும். என்ன மாறியது, எப்போது மாறியது என்பது ரிவிஷன் அட்டவணையில் இருக்கும். போட்டோ எடுப்பவர்கள் பெரும்பாலும் வெட்டிவிடுவது இந்த அட்டவணையைத்தான். நம் ஃபிளேன்ஜில் அட்டவணையின் கடைசி வரி சி என்றும், டைட்டில் பிளாக் பி என்றும் சொன்னால் தாளைத் திருத்தியவர் ஓரிடத்தை விட்டுவிட்டார் என்று பொருள். அப்போது எது சரி என்று பட்டறையில் ஊகிக்கக் கூடாது. கேட்டே ஆக வேண்டும்.

தேதி இன்னும் ஏமாற்றும். டைட்டில் பிளாக்கில் உள்ளது பல நேரங்களில் முதன்முதலில் வரைந்த நாள். திருத்திய நாள் அட்டவணையில்தான் இருக்கும். 05/03/24 என்பது நமக்கு மார்ச் 5, அமெரிக்க வாடிக்கையாளருக்கு மே 3. அதே தாளில் 02/19/24 போல நடுவில் 12-ஐத் தாண்டிய எண் வேறெங்காவது இருந்தால் மாதம் முன்னால் வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

ஸ்கேல் 1:2 என்று இருந்தாலும் அது மூலத்தாளின் அளவுக்கு மட்டும்தான். 100 மி.மீ. நீளம் ஏ3 தாளில் 50 மி.மீ. ஆக இருக்கும்; அதையே ஏ4-இல் அச்சிட்டால் 35 மி.மீ. ஆகிவிடும். சாய்வான போட்டோவில் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்குமே அளவு வேறுபடும். அதனால் போட்டோவில் அளந்து விடுபட்ட அளவைக் கண்டுபிடிக்க வேண்டாம். எழுதியிருக்கும் எண்தான் செல்லும்.

சந்தேகம் வந்தால் போனில் பேசி முடிக்காதீர்கள். "2038-118, ரிவிஷன் சி, துளை 11 மி.மீ. என்று படிக்கிறோம், சரிதானா?" என்று அதே உரையாடலில் எழுதுங்கள். பி.டி.எஃப். கேளுங்கள், இல்லையென்றால் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது தெளிவு குறையாது. டெலிவரி சலானிலும் இன்வாய்ஸிலும் டிராயிங் எண்ணையும் ரிவிஷனையும் எழுதுங்கள்.

உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் துணை நிற்கிறது. சரக்கில் குறை என்றால் வாங்கியவர் டெலிவரியிலிருந்து 15 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் டெலிவரி நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் பணம் தர 45 நாளுக்கு மேல் எடுக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாக. பணம் வராவிட்டால் குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம்.

அங்கே உங்கள் பேச்சைவிட அந்த உரையாடல்தான் பேசும். மின்னணுப் பதிவைச் சான்றாக வைக்க, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். எனவே ஸ்கிரீன்ஷாட் எடுத்தாயிற்று என்று மூல உரையாடலை அழிக்காதீர்கள். போன் மாற்றும்போதும் அதைக் காப்பாற்றுங்கள். வாடிக்கையாளர் சி-யைத் தெளிவாக அனுப்பி, பட்டறையில் பி என்று படித்திருந்தால் மட்டும் அந்த 2006-ஆம் ஆண்டுச் சட்டம் உதவாது. அந்த இருநூறு பீஸின் செலவு பட்டறையுடையதுதான்.