கல்லாகாத தயிர் குச்சி ஐஸ்

தயிரையும் பழத்தையும் மிக்ஸியில் அடித்து, அச்சில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தால், மறுநாள் கைக்கு வருவது பெரும்பாலும் கடிக்க முடியாத கட்டிதான். நாலு முறை உறிஞ்சினால் இனிப்பும் நிறமும் வாய்க்குள் வந்துவிடும்; குச்சியில் வெளுத்த பனிக்கட்டி மிஞ்சும்.

எல்லாம் தண்ணீர் செய்யும் வேலை. தயிரில் 85 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். உறையும்போது அது தனியே பனிக்கட்டியாகப் பிரிகிறது; சர்க்கரை மீதித் தண்ணீரோடு சேர்ந்து உறையாத பாகாக நிற்கிறது. அந்தப் பாகு போதிய அளவு இருந்தால்தான் பல் இறங்கும். ஐஸ்கிரீம் இயந்திரம் கடைந்துகொண்டே உறையவைப்பதால் பனிப்படிகங்கள் பொடியாக இருக்கும். அச்சில் கடைய வழியில்லை. எனவே தண்ணீரை முதலிலேயே குறைத்து, மீதியைச் சீக்கிரம் உறையவைக்க வேண்டும்.

ஒரு கிலோ கெட்டித் தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் இரவு முழுக்க வடியவிட்டால் சுமார் அரை கிலோ கிடைக்கும். 200 கிராம் மாம்பழக் கூழை, 130 கிராமாகச் சுண்டும்வரை அடுப்பில் கிளறி ஆறவிட வேண்டும். இவற்றோடு 90 கிராம் சர்க்கரை, 30 கிராம் தேன், 60 கிராம் ஃப்ரெஷ் க்ரீம், 30 கிராம் பால் பவுடர் சேர்த்து, சர்க்கரை கரையும்வரை அடிக்க வேண்டும். தேனில் இருக்கும் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் அதே எடைச் சர்க்கரையைவிட உறைதலை அதிகம் தடுக்கும். பால் பவுடர் தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

கலவையை இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, மெல்லிய அச்சுகளில் ஊற்றி, ஃப்ரீசரின் அதிகக் குளிரான இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்க வேண்டும். வெதுவெதுப்பாக வைத்தால் மெதுவாக உறையும்; படிகங்களும் பெரிதாக வளரும்.

குறை எங்கே என்பதை நாக்கே சொல்லிவிடும். நறநறத்து உடனே கரைந்தால் அது பனி; தயிர் போதிய அளவு வடியவில்லை, அல்லது சர்க்கரை குறைவு. கரையாமல் மணல்போல் நின்றால் அது பால் சர்க்கரைப் படிகம். பால் பவுடர் கூடிவிட்டது. அச்சிலிருந்து இழுக்கும்போது குச்சி மட்டும் தனியே வந்தால் இனிப்பு அதிகம்.

நன்றாக உறைந்ததும் கெட்டுப்போக வாய்ப்புண்டு. மின்வெட்டில் சிறு படிகங்கள் உருகி, மின்சாரம் வந்ததும் அந்தத் தண்ணீர் பெரிய படிகங்களில் ஒட்டி உறையும். ஃப்ரீசர் கதவை அடிக்கடி திறந்தாலும் மெல்ல மெல்ல இதுவே நடக்கும். அதனால் ஒவ்வொன்றையும் காற்றுப் புகாமல் சுற்றி, கதவருகே வைக்காமல் உள்ளே தள்ளி வைப்பது நல்லது. வீட்டு ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி குளிரில் இந்தக் கலவையும் சற்று இறுகித்தான் இருக்கும். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் கழித்துக் கடித்தால் பதமாக இருக்கும்.