மண் அணையில் கசிவு: எப்போது ஆபத்து?

சிறிய மண் அணையின் ஆய்வறிக்கையில் ‘கரையடியில் கசிவு; நீர் தெளிவு’ என்று இருந்தால் பொறியாளர் பதறுவதில்லை. ஏன்?

மண் கரை முழுக்க நீர் புகாததல்ல. எல்லா மண் அணையிலும் கொஞ்சம் நீர் ஊடுருவும். அது மண்ணை இழுத்து வருகிறதா என்பதே கேள்வி. நீர் வெளியேறும் இடத்தில் மண்துகள்கள் அரித்துப் போனால், அங்கிருந்து ஒரு குழாய்ப்பாதை பின்னோக்கி நீர்த்தேக்கத்தை நோக்கி வளரும். பாதை அகல அகல ஓட்டமும் அரிப்பும் கூடும். அமெரிக்காவின் டீட்டன் அணையில் 1976 ஜூன் 5 காலை கலங்கல் கசிவு தெரிந்தது. நண்பகலுக்குள் அணை உடைந்தது.

எப்படிக் கண்காணிப்பது? கசிவை ஒரு சிறு வாய்க்காலில் சேர்த்து, ‘வி’ வடிவ வெட்டுள்ள தகட்டின் வழியே விட்டு அளக்கிறார்கள். கூடவே நீர்த்தேக்க மட்டத்தையும் குறிப்பார்கள். மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினாலோ, நீர் கலங்கினாலோ எச்சரிக்கை. அப்போது வெளிவாயைக் களிமண்ணால் அடைத்தால் நீரழுத்தம் உள்ளே ஏறும். மண்ணை நிறுத்தி நீரை மட்டும் விட, மணலும் அதன்மேல் சரளையும் பரப்ப வேண்டும்.

ஆய்வில் கசிவுக்கு அடுத்துப் பார்ப்பது கலிங்கு. புதர் மண்டியிருந்தாலோ, கூடுதல் நீர் தேக்க மணல் மூட்டை அடுக்கியிருந்தாலோ வெள்ளம் கரைமேல் வழியும். கான்கிரீட் அணை அதைச் சற்றுத் தாங்கலாம். மண்கரை அரிபட்டு உடையும். ஆகவே மூட்டைகள் இருந்தால் அறிக்கையில் ‘மூட்டைகளை உடனே அகற்றுக’ என்பதே முதல் பரிந்துரையாகும்.