அறிவிப்பு கேப்ஷனாகும்போது

ஒரு நிகழ்ச்சியின் முழு அறிவிப்பு நடத்துபவரின் வரிசையில் எழுதப்படுகிறது. அமைப்பின் பெயர், தலைமை, முன்னிலை, வரவேற்புரை, திறந்து வைப்பவர், வாழ்த்துரை, நன்றியுரை என்று மரியாதை குறையாமல் எல்லாரையும் சொல்லி முடித்த பிறகுதான் இடமும் நேரமும் வரும். கேப்ஷன் வருபவரின் வரிசையில் எழுதப்பட வேண்டியது. என்ன நிகழ்ச்சி, என்றைக்கு, எங்கே, உள்ளே போக என்ன வேண்டும் என்பவைதான் அவருடைய கேள்விகள். அறிவிப்பை வரிவரியாக வெட்டிக்கொண்டே போனால் நல்ல கேப்ஷன் கிடைக்காததற்குக் காரணம் இந்த வரிசை வேறுபாடுதான். இந்த நான்கு விடைகளையும் முதலில் தனியே எடுத்து எழுதிக்கொண்டு, அவற்றிலிருந்து புதிதாக வாக்கியம் அமைப்பதே எளிது.

பபாசி நடத்திய 48ஆவது சென்னை புத்தகக் காட்சியை எடுத்துக்கொள்ளலாம். சுமார் 900 அரங்குகள், திறப்பு விழா, விருதுகள், மாலைதோறும் சொற்பொழிவுகள் என்று அதைப் பற்றிச் சொல்ல ஒரு பக்கத்துக்குச் செய்தி உண்டு. கேப்ஷனுக்கு அதிலிருந்து வேண்டியது இவ்வளவுதான்:

48ஆவது சென்னை புத்தகக் காட்சி: டிச. 27 (வெள்ளி) – ஜன. 12, 2025 (ஞாயிறு), நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். நுழைவுக் கட்டணம் ரூ.10. வேலை நாளில் பிற்பகல் 2 – இரவு 8.30, விடுமுறை நாளில் காலை 11 – இரவு 8.30.

தேதிக்குப் பக்கத்தில் கிழமை இருப்பது அலங்காரத்துக்காக அல்ல. எண் ஒன்று தவறித் தட்டப்பட்டால் பெரும்பாலும் கிழமை ஒத்துவராது. எழுதுபவர் நாட்காட்டியைப் பார்த்த உடனே பிழை தெரிந்துவிடும். ஆண்டும் இங்கே அவசியம். வழக்கமாக ஜனவரியில் நடக்கும் காட்சி அந்த முறை டிசம்பரிலேயே தொடங்கி அடுத்த ஆண்டுக்குள் நீண்டது. முடியும் நாளோடு ஆண்டைச் சேர்த்துவிட்டால், பழைய பதிவு அடுத்த டிசம்பரில் யாருடைய வாட்ஸ்அப்பிலாவது மறுபடி வலம் வந்தாலும் ஏமாற்றாது. ‘இன்று’, ‘நாளை’, ‘வரும் ஞாயிறு’ போன்ற சொற்களைக் கேப்ஷனில் அறவே தவிர்ப்பது நல்லது. பதிவு ஒரு நாள் தாமதமாகக் கண்ணில் பட்டாலே அவை பொய்யாகிவிடும்.

இடத்தைச் சொல்லும்போது ஊர்க்காரர் வாயில் புழங்கும் பெயர் போதும். முழு முகவரியும் அஞ்சல் குறியீட்டு எண்ணும் தேவையில்லை. ஆனால் பகுதியின் பெயரை விட்டுவிடக் கூடாது. ஒய்.எம்.சி.ஏ. என்ற பெயரில் நகரில் வேறு இடங்களும் இருப்பதால், ‘நந்தனம்’ என்ற ஒரு சொல் ஒருவரின் வீண் அலைச்சலைத் தடுக்கிறது.

அதிகம் விடுபட்டுப் போவது அனுமதி பற்றிய விவரம். ‘அனைவரும் வருக’ என்பது அழைப்பு மட்டுமே. கட்டணம் உண்டா இல்லையா என்பதற்கு அதில் விடை கிடையாது. எதுவும் எழுதாவிட்டால் படிப்பவர் இலவசம் என்றே எடுத்துக்கொள்வார். பத்து ரூபாயானாலும் குடும்பத்தோடு வருபவர் அதைத் தெரிந்துகொண்டு வரட்டும். கட்டணம் இல்லையென்றால் ‘அனுமதி இலவசம்’ என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடலாம். முன்பதிவு, அழைப்பிதழ், வயது வரம்பு போன்ற நிபந்தனை இருந்தால், இலவசம் என்ற சொல்லை ஒட்டியே அதுவும் வர வேண்டும். ‘அனுமதி இலவசம், முன்பதிவு அவசியம்’ என்பதில் பின்பாதியை இடப்பற்றாக்குறை என்று வெட்டினால், வாசல் வரை வந்தவர் திரும்பிப் போக நேரிடும்.

இன்ஸ்டாகிராம் கேப்ஷனில் 2,200 குறிகள் வரை எழுதலாம். ஆனால் பதிவுகள் வரிசையாக ஓடும் திரையில் சுமார் 125 குறிகளுக்குப் பிறகு மீதி மறைந்துவிடும். தமிழில் இந்தக் கணக்கைக் கவனமாகப் போட வேண்டும். ‘காட்சி’ என்பது நம் கண்ணுக்கு மூன்றே எழுத்து. கணினிக்கோ க, துணைக்கால், ட, புள்ளி, ச, இகரக் கொக்கி என்று ஆறு குறி. மேலே உள்ள கேப்ஷனில் பெயரிலிருந்து ‘ரூ.10’ வரை ஏறத்தாழ அந்த 125க்குள் அடங்குகிறது. நாளுக்கு நாள் மாறும் நேரம் மட்டும் பின்னால் போகிறது. முதல் வரியில் வாழ்த்தோ கேள்வியோ போட்டிருந்தால் மறைந்திருப்பது கட்டணமும் இடமும்தான்.

போஸ்டரில் தேதி பெரிதாக இருக்கிறதே என்று கேப்ஷனில் விடுவதும் வழக்கத்தில் உண்டு. படத்துக்குள் இருக்கும் எழுத்தை நகலெடுத்து நண்பருக்கு அனுப்ப எளிதில் முடியாது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைப் படிக்காமலே போகலாம். இரண்டிலும் எழுதும்போது இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது கடைசி வேலை. திறப்பு விழாவின் நேரம் பார்வையாளர் நேரமாக மாறிப் பதிவாகும் பிழை இந்த ஒப்பீட்டில்தான் பெரும்பாலும் பிடிபடும்.