20 பொறிகளில் 3: வளைகோடு சொல்வது என்ன?

ஆங் மோ கியோவின் டெக்பிளேஸ் 2 கட்டடத்தில் கொசு வளர்க்கும் நிலையம் ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமா? தேசியச் சுற்றுப்புற வாரியம் 2019 டிசம்பரில் அதைத் திறந்தது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவைக் கொண்ட ஆண் ஏடிஸ் கொசுக்கள் அங்கே வளர்க்கப்படுகின்றன. ஆண் கொசு கடிக்காது. இவற்றோடு இணையும் வெளிப் பெண் கொசுவின் முட்டைகள் பொரிப்பதில்லை. அதனால் டெங்கியைப் பரப்பும் கொசுக்கள் குறையும்.

உண்மையில் குறைந்தனவா என்று அறிய, அடுக்குமாடிக் கட்டடங்களில் பொறிகள் வைத்து, சிக்கும் பெண் கொசுக்களை எண்ணுகிறார்கள். கணக்குக்காக ஒரு பேட்டையை வைத்துக்கொள்வோம். அங்கே 20 பொறிகளைப் பார்த்ததில் 3 பொறிகளில் ஏடிஸ் சிக்கியிருக்கிறது. அப்படியானால் பேட்டை முழுவதும் எத்தனை விழுக்காட்டுப் பொறிகளில் கொசு சிக்கும்? 15 விழுக்காடு என்பீர்கள். ஆனால் உண்மை விகிதம் 10 ஆகவோ 25 ஆகவோ இருந்தாலும் 20-க்கு 3 வரலாம் அல்லவா?

விகிதம் x என்றால், 20-ல் 3 வரும் வாய்ப்பு x³(1−x)¹⁷ என்பதற்கு ஏற்ப மாறும். தொடக்கத்தில் எல்லா விகிதங்களையும் சமமாக நினைத்து, மொத்தப் பரப்பு 1 ஆகும்படி இதை வரைந்தால் கிடைப்பதே பின்நிகழ்தகவு அடர்த்தி வளைகோடு. கட்டத்தாளில் நீங்களே வரையலாம். x 0.05 எனில் உயரம் 1.3, 0.1-க்கு 4, 0.15-க்கு 5.1, 0.2-க்கு 4.3, 0.25-க்கு 2.8; 0.3-க்கு 1.5, 0.35-க்கு 0.7, 0.4-க்கு 0.3, 0.5-க்கு ஏறத்தாழ 0.

உச்சியில் 5.1 என்றிருப்பதைப் பார்த்து, ‘நிகழ்தகவு 1-ஐத் தாண்டுமா?’ என்று கேட்கத் தோன்றும். உயரம் நிகழ்தகவு அல்ல. வளைகோட்டின் கீழுள்ள பரப்புதான் நிகழ்தகவு. 0.05 அகலமும் 1 உயரமும் கொண்ட ஒரு கட்டத்தின் பரப்பு 0.05. ஆகவே வளைகோட்டின் கீழ் மொத்தம் 20 கட்டங்கள் இருக்கும். 95 விழுக்காடு என்றால் 19 கட்டங்கள். இடது ஓரத்தில் அரைக் கட்டத்தையும் வலது ஓரத்தில் அரைக் கட்டத்தையும் விட்டுவிடுங்கள். எல்லைகள் ஏறத்தாழ 0.055, 0.365 என வரும். இதுதான் 95 விழுக்காட்டு நம்பத்தகு இடைவெளி. உச்சி இதன் நடுவில் இல்லை என்பதையும் கவனியுங்கள். வலப்புற வால் நீளமாக இருப்பதால், ‘15 கூட்டல் கழித்தல் இவ்வளவு’ என்று இதை எழுதினால் தவறாகும்.

பாடநூல்களில் வரும் நம்பிக்கை இடைவெளி வேறு. இதே எண்களுக்கு வழக்கமான ஒரு முறையில் அது 0.03 முதல் 0.38 வரை வரும். எண்கள் நெருக்கமாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. அங்கே 95 விழுக்காடு என்பது முறைக்குத் தரும் மதிப்பெண். இதே ஆய்வைப் பலமுறை புதிதாகச் செய்து ஒவ்வொரு முறையும் ஓர் இடைவெளி கணக்கிட்டால், 100-க்குக் குறைந்தது 95 இடைவெளிகள் உண்மை விகிதத்தைப் பிடிக்கும். நம் கையில் உள்ள இந்த ஒரே இடைவெளி பிடித்ததா என்பதற்கு அது நிகழ்தகவு சொல்லாது. நம்பத்தகு இடைவெளியோ, ‘இந்தத் தரவும் தொடக்க அனுமானமும் சரியென்றால், விகிதம் இதற்குள் இருக்கும் நிகழ்தகவு 95 விழுக்காடு’ என்று நேராகவே சொல்கிறது.

அதனால் வேறொரு கேள்வியும் கேட்கலாம். கால்வாசிக்கு மேல் பொறிகளில் கொசு சிக்கும் நிலை இருந்தால் கூடுதல் ஆட்களை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 0.25-க்கு வலப்புறம் உள்ள கட்டங்களை எண்ணுங்கள். கிட்டத்தட்ட 4 கட்டங்கள், அதாவது 19 விழுக்காடு. ஒதுக்கிவிடக்கூடிய அபாயம் அல்ல.

இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. சென்ற வாரம் 18 பொறிகளில் 1-ல் மட்டும் கொசு சிக்கியது என்றும், நிலைமை மாறவில்லை என்றும் கொண்டு அதையும் தொடக்க அனுமானத்தில் சேர்த்தால், இடைவெளி 0.04 முதல் 0.24 வரை சுருங்கும். கால்வாசியைத் தாண்டும் நிகழ்தகவு வெறும் 2 விழுக்காடாகிவிடும். இந்த வாரம் எண்ணிய பொறிகள் அதே 20-தான். ஆனால் ஆட்களை அனுப்புவதா என்ற முடிவே மாறலாம். இடையில் மழை பெய்து கொசு பெருகியிருந்தால், சென்ற வார எண் நம்மை ஏமாற்றிவிடும்.

ஆகவே இப்படியொரு வளைகோட்டைப் படத்தில் கண்டால், எல்லைகளைப் படிக்குமுன் அதன் தொடக்க அனுமானம் எது என்று தேடுங்கள். அது சொல்லப்படாவிட்டால், 95 என்ற எண்ணை அப்படியே நம்ப வழியில்லை.