ஆறு வருஷம், அஞ்சு லட்சம் போச்சு: சிஏ படிப்பை விடலாமா, வேண்டாமா?

சிஏ ஃபைனல் ரிசல்ட் வரும் நாட்களில் பல வீடுகளில் ஒரே வசனம் கேட்கும்: "இவ்ளோ தூரம் வந்துட்டு இப்ப விடறதா?" சொல்பவர் அப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம். பெரும்பாலும் அதைச் சொல்வது நீங்களேதான்.

இந்த வசனத்துக்குள் இருப்பதைப் பொருளாதாரத்தில் 'சங்க் காஸ்ட்' என்பார்கள். தமிழில் மூழ்கிய செலவு, பேச்சில் போன காசு. என்ன முடிவெடுத்தாலும் திரும்பி வராத செலவு அது. நீங்கள் சிஏவைத் தொடர்ந்தாலும் கோச்சிங்குக்குக் கட்டிய பணம் வராது, விட்டாலும் வராது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஒன்றை வைத்து ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. கேட்க எளிது, ஆனால் மனசு ஒத்துக்கொள்வதில்லை.

அது எவ்வளவு ஒத்துக்கொள்ளாது என்பதை ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஒரு சீசன் முழுக்க நாடகம் பார்க்க டிக்கெட் வாங்க வந்தவர்களில் சிலருக்கு முழு விலையான 15 டாலருக்கே டிக்கெட் கிடைத்தது. மற்றவர்களுக்கு, அவர்கள் கேட்காமலேயே, தள்ளுபடி கிடைத்தது. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி தற்செயலாக முடிவானது. நாடகங்களோ ஒன்றுதான். ஆனாலும் சீசனின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்குப் போனார்கள். இரண்டாம் பாதியில் அந்த வித்தியாசம் மறைந்துபோனது. காசு போன வலி காலப்போக்கில் ஆறிவிடுகிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

சிஏவில் அந்த வலி ஆற வாய்ப்பே இல்லை என்பது என் எண்ணம். ஒவ்வொரு அட்டெம்ப்டுக்கும் புதிதாகக் கட்டணம், புதிதாக டெஸ்ட் சீரிஸ், புதிதாகச் சில மாதங்கள். ஃபைனல் தேர்வு வருஷத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடக்கிறது. காயம் ஆறுவதற்குள் அடுத்த ஃபார்ம் வந்துவிடும்.

நம் மொழியும் இதில் உதவுவதில்லை. "பாதிக் கிணறு தாண்டாதே" என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கிணற்றுக்கு அது சரி, பாதியில் நின்றால் உள்ளே விழுவோம். படிப்பில் பாதியில் நின்றால் எங்கே விழுகிறோம் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆளும் தொகையும் கற்பனை, விதிகள் நிஜம். 26 வயதுப் பெண். பி.காம்., இன்டர் பாஸ், ஆர்டிகிள்ஷிப் முடித்தாயிற்று. ஃபைனலில் முதல் குரூப் கிளியர். இரண்டாவது குரூப்பில் மூன்று முறை எழுதி 128, 126, 131. பாஸாக ஒவ்வொரு பேப்பரிலும் 40, மூன்று பேப்பரும் சேர்ந்து 300-க்கு 150 வேண்டும். ஆர்டிகிள்ஷிப்பில் அவருக்கு ஆடிட்டே பிடிக்கவில்லை. டேட்டாவை எடுத்து அலசும் வேலை மட்டும் நேரம் போவதே தெரியாமல் செய்தார். இப்போது ஒரு சின்ன நிறுவனத்தில் அனலிஸ்ட் வேலை, மாதம் 25,000 ரூபாய்க்கு வந்திருக்கிறது.

அதை விட்டுவிட்டு முழுநேரமாக இன்னொரு முறை எழுதினால், தயாரிப்பும் ரிசல்ட்டுக்கான காத்திருப்பும் சேர்த்து ஆறு மாசம். இழக்கும் சம்பளம் 1.5 லட்சம், கோச்சிங்கும் கட்டணமும் 40,000. ஆக ஒரு அட்டெம்ப்டின் விலை 1.9 லட்சம். மார்க் பெரிதாக ஏறவில்லை, எனவே பாஸாகும் வாய்ப்பை நாலில் ஒன்று என்று வைப்போம்.

பாஸாகி சிஏவாகவே வேலைக்குப் போனால் மாதம் 70,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 45,000. இரண்டு வருஷத்துக்கு 10.8 லட்சம், அதில் நாலில் ஒரு பங்கு 2.7 லட்சம். 1.9 லட்சத்தைவிட அதிகம். அதாவது, எழுதலாம்!

ஆனால் பாஸானாலும் அனலிஸ்ட் வேலைக்குத்தான் போவேன் என்றால்? சிஏ பட்டம் அங்கே சம்பளத்தை மாதம் 10,000 கூட்டும் என்று தாராளமாகவே வைத்தாலும், இரண்டு வருஷத்துக்கு 2.4 லட்சம். நாலில் ஒரு பங்கு 60,000 தான். அதற்காக 1.9 லட்சம் செலவழிக்க முடியாது.

கவனித்தீர்களா, இந்தக் கணக்கில் எங்கேயும் "ஆறு வருஷம்" வரவில்லை. முடிவை மாற்றியது ஒரே கேள்வி: பாஸானால் அந்த வேலையைச் செய்வீர்களா? நாளை காலை ரிசல்ட் வந்து பாஸ் என்று நினைத்துப் பாருங்கள். சந்தோஷம் பரீட்சை தொலைந்ததற்கா, திங்கட்கிழமை ஆடிட்டுக்குப் போவதற்கா? பரீட்சை மேல் உள்ள வெறுப்பும் வேலை மேல் உள்ள வெறுப்பும் ஃபெயிலான வாரத்தில் ஒன்று போலவே தெரியும். அந்த வாரத்தில் முடிவெடுக்க வேண்டாம். ஆர்டிகிள்ஷிப்பில் நீங்கள் அந்த வேலையை உள்ளே இருந்து பார்த்திருக்கிறீர்கள், அதை நினைவுபடுத்திப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் தவறு நடக்கும். "போனதெல்லாம் வேஸ்ட்" என்று துடைத்துப் போட்டுவிடுவது. காசுதான் மூழ்கியது, அது வாங்கித் தந்தவை எல்லாம் மூழ்கவில்லை. இன்டர் பாஸும் ஆர்டிகிள்ஷிப்பும் அக்கவுண்ட்ஸ், ஃபைனான்ஸ் வேலைகளில் இன்றைக்கும் மதிப்புள்ளவை. ஃபைனல் பதிவு செல்லுபடியாகும்வரை கிளியரான குரூப் கையில் நிற்கும். 60-க்கு மேல் எடுத்த பேப்பருக்கு அடுத்த மூன்று அட்டெம்ப்ட்வரை எக்ஸெம்ப்ஷன் உண்டு. எனவே "இன்னும் ஒரு குரூப்தான் பாக்கி" என்பது நியாயமான காரணம், ஏனென்றால் அது இனி ஆகப்போகும் செலவைக் குறைத்துச் சொல்கிறது. "ஆறு வருஷம் போச்சு" என்பது அப்படியல்ல. இரண்டையும் நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம்.

மேலே சொன்ன பெண்ணுக்கு மூன்றாவது வழியும் அதனால்தான் இருக்கிறது: வேலையில் சேர்ந்துகொண்டு, அந்தக் குரூப்பைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை எழுதுவது. பாஸாகும் வாய்ப்பு குறையும், ஆனால் சம்பளம் போகாது. எத்தனை முறை எழுதுவது என்பதை மட்டும் ரிசல்ட் வருவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். வந்த பிறகு 147 மார்க் வேறு நியாயம் பேசும்.

இதில் எக்ஸெல்லுக்குள் அடங்காதது வீடு. அப்பா கட்டிய ஃபீஸ் போன காசுதான். ஆனால் அவர் முகம் வாடுவது இனி நடக்கப்போவது, அதையும் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். அம்மாவின் நகை அடகில் இருந்தால் அந்த வட்டியும் அப்படித்தான். நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் அதைக் கட்டியாக வேண்டும். எனவே அது சிஏவைத் தொடர்வதற்கான காரணமல்ல, நகையை எந்த வழி சீக்கிரம் மீட்கும் என்பதே கேள்வி. மேலே உள்ள உதாரணத்தில், முழுநேரமாக எழுதும் ஆறு மாசமும் வட்டி ஓடும், வருமானம் இருக்காது. "எனக்குப் பிடிக்கலப்பா" என்று ஆரம்பித்தால் பேச்சு சண்டையில் முடியலாம். மார்க் ஷீட், வேலைக்கான ஆஃபர் லெட்டர், அடகுச் சீட்டு மூன்றையும் மேஜையில் வைத்து, எந்த மாசம் நகை வீட்டுக்கு வரும் என்பதிலிருந்து ஆரம்பித்துப் பாருங்கள்.