மாத்திரைக்குள் எவ்வளவு இரும்பு? ஒரு சொட்டு சொல்லும் கணக்கு

ரத்தசோகைக்குத் தரும் சிவப்பு மாத்திரையின் அட்டையில் 60 மில்லிகிராம் இரும்பு என்று அச்சிட்டிருக்கிறது. அந்த அளவு உள்ளே உண்மையில் இருக்கிறதா என்பதை ஒரு பியூரெட்டையும் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலையும் வைத்தே சோதிக்கலாம். பிரெஞ்சு வேதியியலாளர் மார்கெரிட் 1846-இல் இரும்பை அளக்கக் கொண்டுவந்த இந்த முறை, பள்ளி ஆய்வகங்களில் இன்றும் நடக்கிறது.

மாத்திரையில் இருப்பது பெரும்பாலும் பெரஸ் சல்பேட், அதாவது Fe²⁺ வடிவ இரும்பு. பெர்மாங்கனேட் அதிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறித்து Fe³⁺ ஆக்குகிறது. ஒரு பெர்மாங்கனேட் அயனி ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கும் என்பதால், அது ஐந்து இரும்பு அயனிகளோடு கணக்கை முடித்துக்கொள்கிறது:

MnO₄⁻ + 8H⁺ + 5Fe²⁺ → Mn²⁺ + 5Fe³⁺ + 4H₂O

முதலில் பத்து மாத்திரைகளின் வண்ணப் பூச்சை ஈரத்துணியால் துடைத்து நீக்குகிறோம். சாயம் கரைசலில் கலந்தால் பின்னால் நிறம் பார்ப்பது கடினம். பிறகு பொடித்து, நீர்த்த கந்தக அமிலத்தில் கரைத்து, வடிகட்டி, 250 மில்லிலிட்டராக்குகிறோம். பிப்பெட்டால் எடுக்கும் ஒவ்வொரு 25 மில்லிலிட்டரிலும் ஒரு மாத்திரையின் இரும்பு இருக்கும்.

அமிலமாகக் கந்தக அமிலத்தைத்தான் எடுக்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்றால் அதன் குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் செலவழித்து, இரும்பின் அளவைக் கூட்டிக் காட்டிவிடும். நைட்ரிக் அமிலமோ தானே இரும்பை ஆக்சிஜனேற்றிவிடும். கந்தக அமிலமே போதாமல் போனால் கரைசலில் மாங்கனீஸ் டை ஆக்சைடின் பழுப்புக் கலங்கல் தெரியும். அப்போது அந்த முயற்சியைக் கைவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும்.

பெர்மாங்கனேட் அடர்ந்த ஊதா நிறம்; வினைபுரிந்தபின் உண்டாகும் Mn²⁺ ஏறக்குறைய நிறமற்றது. அதனால் குடுவையில் இரும்பு மிச்சமிருக்கும்வரை, விழும் சொட்டு கலக்கியவுடன் நிறமிழக்கிறது. கடைசி Fe²⁺ தீர்ந்தபின் விழும் சொட்டுக்கு வினைபுரிய எதுவும் இல்லை; கரைசல் முழுதும் வெளிர் இளஞ்சிவப்பாகிறது. தனியாக நிறங்காட்டி சேர்க்கத் தேவையில்லை. அளக்கும் பொருளே முடிவையும் அறிவிக்கிறது. அந்த நிறம் அரை நிமிடம் நிலைத்தால் முடிவுநிலை என்று கொள்கிறோம். இன்னும் நேரமானால் மெல்ல வெளுக்கலாம். மிஞ்சிய பெர்மாங்கனேட் Mn²⁺-உடன் மெதுவாக வினைபுரிவதே காரணம். அதைப் பார்த்து மேலும் சொட்டு விடக்கூடாது. Fe³⁺-இன் மஞ்சள் சாயல் கண்ணைக் குழப்பினால், சிறிது பாஸ்பாரிக் அமிலம் அதை நிறமற்றதாக்கிவிடும்.

பியூரெட்டை வாசிப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. அடர்நிறக் கரைசலில் வளைபரப்பின் அடிப்பகுதி தெரியாது. ஆகவே தொடக்கத்திலும் முடிவிலும் மேல்விளிம்பையே குறிக்க வேண்டும். பெர்மாங்கனேட் நாள்பட வலுக்குறையும் என்பதால், அதன் செறிவையும் சோடியம் ஆக்சலேட்டை வைத்து முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். பெர்மாங்கனேட்டின் செறிவு 0.0100 மோலார், ஒத்துவரும் அளவுகளின் சராசரி 21.2 மில்லிலிட்டர். இதில் இருக்கும் பெர்மாங்கனேட் 0.212 மில்லிமோல். அதை ஐந்தால் பெருக்கினால் இரும்பு 1.06 மில்லிமோல். இரும்பின் அணு எடை 55.85. பெருக்கினால் 59.2 மில்லிகிராம், அட்டையில் சொன்னதில் 98.7 விழுக்காடு. ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லிலிட்டர் என்பதால், ஒரு சொட்டு கூடினால் இரும்பு 0.14 மில்லிகிராம் கூடிவிடும். முடிவில் சொட்டுச் சொட்டாக விடச் சொல்வது இதனால்தான்.

இந்த 59.2 எதைக் குறிக்கிறது என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். பெர்மாங்கனேட் Fe²⁺-ஐ மட்டுமே எண்ணும். பழைய மாத்திரையில் காற்றுப்பட்டு Fe³⁺ ஆகிவிட்ட இரும்பு கணக்கில் வராது; அளவு குறைவாகவே தெரியும். மாறாக, மாத்திரையைப் பிணைக்கும் சர்க்கரை போன்ற பொருள்களும் பெர்மாங்கனேட்டைக் கொஞ்சம் செலவழித்து அளவைக் கூட்டக்கூடும். ஆகவே சூடாக்காமல், தாமதிக்காமல் அளக்கிறோம். மருந்துத் தரச்சோதனையில் இந்தக் குறுக்கீடு குறைவான சீரியம் உப்பை விரும்புவதும் இதற்காகவே. செறிவு, பியூரெட்டின் தொடக்க, இறுதி அளவுகள், சராசரி, மாத்திரை ஒன்றுக்கு இத்தனை மில்லிகிராம் Fe²⁺ என்ற முடிவு, இவை நான்கும் இருந்தால், வேறொருவர் அதே மாத்திரையை எடுத்து நம் கணக்கைச் சரிபார்க்க முடியும்.