எலும்பு பிறந்தநாளைக் கணக்கு வைக்காது

(எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோட் எங்க சின்னம்மாவோட கையில இருந்து ஆரம்பிக்குது. அவங்க அனுமதியோடதான் சொல்றேன்.

சின்னம்மா காரைக்குடியில இருக்காங்க. வயசு 46. போன வருஷம் ஒரு நாள் காலையில வளவுல தண்ணி தெளிச்சிட்டு வரும்போது ஆத்தங்குடிக் கல்லு வழுக்கிடுச்சு. கையை ஊணி விழுந்தாங்க. மணிக்கட்டு உடைஞ்சுபோச்சு. மாவுக்கட்டு போட்டாங்க, கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, ஆறு வாரத்துல கட்டைப் பிரிச்சாங்க. வீட்ல எல்லாரும் "நேரம் சரியில்ல"ன்னு முடிச்சுட்டோம்.

நின்ன உயரத்துல இருந்து விழுந்து ஒரு எலும்பு உடையுதுன்னா அது வெறும் விபத்து இல்ல. மாடியில இருந்தோ பைக்ல இருந்தோ விழல, நடக்கும்போது வழுக்கினாங்க, அவ்வளவுதான். மருத்துவத்துல இதுக்குத் தனியா ஒரு பேரே இருக்கு: பலவீன முறிவு. 46 வயசுல இது நடந்தா, "ஏன்?"னு ஒருத்தர் கேட்டிருக்கணும். அதைவிட முக்கியமா, "பீரியட்ஸ் எப்ப நின்னுச்சு?"ன்னு கேட்டிருக்கணும். யாரும் கேட்கல, நானும்தான்.

பதில் ஒரு பழைய ஃபைல்ல இருந்துச்சு. 38 வயசுல ரொம்ப ரத்தப்போக்குன்னு சின்னம்மாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாங்க. வீட்ல எல்லாருக்கும் அது மட்டும்தான் தெரியும். டிஸ்சார்ஜ் சம்மரியில "பி.எஸ்.ஓ."ன்னு மூணு எழுத்து சேர்ந்து இருந்துச்சு. ரெண்டு பக்கச் சினைப்பையையும் சினைக்குழாயையும் சேர்த்து எடுத்துட்டாங்கன்னு அதுக்கு அர்த்தம். எட்டு வருஷமா அது சின்னம்மாவுக்கே தெரியாது.

சினைப்பை போனா எலும்புக்கு என்ன?

எலும்பை நாம செங்கல் மாதிரி நினைக்கிறோம். உண்மையில அது எப்பவும் ரிப்பேர் நடந்துக்கிட்டே இருக்கிற ரோடு. ஒரு கூட்டம் செல்கள் பழைய எலும்பைத் தோண்டி எடுக்கும். பின்னாடியே இன்னொரு கூட்டம் வந்து புதுசா நிரப்பும். தோண்டுறது சில வாரத்துல முடிஞ்சிடும், நிரப்ப சில மாசம் ஆகும். தோண்டுற கூட்டத்தை அடக்கி வைக்கிற மேஸ்திரிதான் ஈஸ்ட்ரோஜன். அதைப் பெரும்பாலும் சுரக்கிறது சினைப்பை.

மேஸ்திரி போயிட்டா தோண்டுறது வேகமாகுது, நிரப்புறவங்களால ஈடு கொடுக்க முடியல. மெனோபாஸுக்குப் பிறகு முதல் சில வருஷங்கள்ல முதுகெலும்புல வருஷத்துக்குச் சுமார் 2 சதவீதம் வரைக்கும் குறையலாம். அப்புறம் வேகம் குறையும், ஆனா நிக்காது.

இந்தியாவுல மெனோபாஸ் சராசரியா 46, 47 வயசுல வருது. அப்ப 46 வயசுப் பெண்ணுக்குப் பொதுவா இந்த ஓட்டம் ஆரம்பிக்கிற நேரம். சின்னம்மாவுக்கு அது எட்டு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிடுச்சு. அதனால அவங்க வயசைப் பார்த்தா ஒண்ணும் தெரியாது. எலும்புக்குக் கணக்கு பிறந்தநாள் இல்ல, ஈஸ்ட்ரோஜன் இல்லாம எத்தனை வருஷம் போச்சுங்கிறதுதான்.

இது எங்க வீட்டுக் கதை மட்டும் இல்ல. 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வுல, கர்ப்பப்பை எடுத்த 15 முதல் 49 வயசுப் பெண்களைப் பார்த்தா, சர்ஜரி நடந்த வயசோட நடுமதிப்பு 34. எல்லாருக்கும் சினைப்பையை எடுக்கிறதில்ல. ஆனா சினைப்பையை விட்டு வச்சாலும் ஒரு சிக்கல் இருக்கு. பீரியட்ஸ் நிக்கிறதுதான் நமக்கு வர்ற அலெர்ட். கர்ப்பப்பை இல்லன்னா சினைப்பை எப்ப ஓய்வு எடுத்துச்சுன்னு அந்த அலெர்ட் வரவே வராது. சிலருக்குச் சில வருஷம் முன்னாடியே ஓய்வு எடுத்துடும்.

டெஸ்ட்: குதிகால் மெஷினும் டெக்ஸாவும்

சின்னம்மா ஏற்கனவே ஒரு முகாம்ல "எலும்பு டெஸ்ட்" எடுத்திருந்தாங்க. காலை ஒரு சின்ன மெஷின்ல வச்சு ரெண்டு நிமிஷத்துல ஒரு சீட்டு கொடுப்பாங்களே, அது. "பரவாயில்ல"ன்னு வந்திருந்துச்சு. அது குதிகால்ல அல்ட்ராசவுண்ட் வச்சுப் பார்க்கிறது. அதுல வர்ற நம்பரை வச்சு எலும்புத் தேய்மானம் இருக்கு, இல்லன்னு முடிவு பண்ண முடியாது. முடிவுக்கு வேண்டியது டெக்ஸா ஸ்கேன். கீழ்முதுகையும் இடுப்பையும் மிகக் குறைஞ்ச எக்ஸ்ரே வச்சு அளக்கும். படுத்திருந்தா பத்துப் பதினஞ்சு நிமிஷம்தான். நாங்க மதுரைக்குப் போய் எடுத்தோம்.

ரிப்போர்ட்ல முதுகுக்கு டி-ஸ்கோர் மைனஸ் 2.9, இடுப்புக்கு மைனஸ் 2.1. டி-ஸ்கோர்ங்கிறது ஆரோக்கியமான இளம் வயசுப் பெண்ணோட எலும்போட ஒப்பிடுறது. மைனஸ் 2.5 அல்லது அதுக்குக் கீழ போனா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்புப்புரை. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவுல இருந்தா எலும்பு அடர்த்தி குறைவு. எந்த இடம் மோசமோ அதைத்தான் எடுத்துக்கணும்.

பீரியட்ஸ் இன்னும் நின்னுபோற வயசு ஆகாதவங்களுக்கு டி-ஸ்கோரைப் பார்க்கக் கூடாது. அவங்களுக்கு அதே வயசுக்காரங்களோட ஒப்பிடுற இசட்-ஸ்கோர்தான். அது மைனஸ் 2 அல்லது அதுக்குக் கீழ இருந்தா வயசுக்குக் குறைவுன்னு அர்த்தம். லேப் ரெண்டையும் அச்சடிச்சுத் தரும், நாமதான் சரியான காலத்தைப் பார்க்கணும்.

அப்ப கால்சியம் மாத்திரை போதாதா?

மேஸ்திரி இல்லாத இடத்துல ஜல்லி மட்டும் கொட்டினா ரோடு போட முடியாது. ஆனா ஜல்லியே இல்லன்னாலும் முடியாது. அதனால சின்னம்மா ஒரு நாள் என்ன சாப்பிடுறாங்கன்னு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ரெண்டு டீயில சேர்ந்த பால் 100 மில்லி, அதுல சுமார் 120 மில்லிகிராம் கால்சியம். மதியம் ஒரு சின்னக் கிண்ணம் தயிர், இன்னொரு 120. இட்லி, சோறு, குழம்பு, பருப்பு, கீரை எல்லாம் சேர்ந்து ஒரு 150. மொத்தம் 400-ஐத் தொடல. ஐ.சி.எம்.ஆர். 2020 பரிந்துரை பெரியவங்களுக்கு 1000, மெனோபாஸ் ஆனவங்களுக்கு 1200.

ராத்திரி ஒரு டம்ளர் பால் சேர்த்தா 240 கூடுது. காலையில 50 கிராம் கேப்பை மாவுல கூழோ அடையோ செஞ்சா சுமார் 180. இப்ப 800-ஐத் தாண்டியாச்சு. மிச்சத்துக்குத் தினம் ஒரே ஒரு மாத்திரை போதும்னு டாக்டர் சொன்னாங்க.

மாத்திரை அட்டையில "கால்சியம் கார்பனேட் 1250"ன்னு போட்டிருந்தா, அதுல கால்சியம் 500 மில்லிகிராம்தான். ஒரே நேரத்துல 500-க்கு மேல உடம்பு சரியா எடுத்துக்காது. கார்பனேட் வகையைச் சாப்பாட்டோட போடணும். தைராய்டு மாத்திரைக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேணும், அயர்ன் மாத்திரையையும் தள்ளித்தான் போடணும்.

வைட்டமின் டி கம்மியா இருந்ததால வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட், எட்டு வாரத்துக்கு மட்டும். சிலர் இதைத் தினம் ஒண்ணுன்னு சாப்பிட்டுடுறாங்க, சிலர் நிறுத்தாம வருஷக்கணக்கா சாப்பிடுறாங்க. ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னி வரைக்கும் பாதிக்கும்.

மேஸ்திரி வேலைக்கு என்ன? 45-க்கு முன்னாடி சினைப்பை போனவங்களுக்கு, மெனோபாஸ் வழக்கமா வர்ற வயசு வரைக்கும் ஈஸ்ட்ரோஜனை மருந்தாக் கொடுக்கிறதுதான் முதல்ல யோசிக்க வேண்டியது. மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறையுற பிரச்சினை மாதிரி தடை இருந்தா கூடாது. கர்ப்பப்பை இருக்கிறவங்களுக்கு அதோட புரோஜெஸ்டிரோனும் சேர்க்கணும். 38-லயே இந்தப் பேச்சு நடந்திருக்கணும். இப்ப எலும்பே உடைஞ்சதால, சின்னம்மாவுக்கு வாரம் ஒரு அலென்ட்ரோனேட் மாத்திரை. தோண்டுற கூட்டத்தை அது அடக்கும். வெறும் வயித்துல ஒரு முழு டம்ளர் தண்ணியோட போட்டு, அரை மணி நேரம் படுக்கக் கூடாது, டீ கூட குடிக்கக் கூடாது. படுத்தா மாத்திரை உணவுக்குழாயைப் புண்ணாக்கிடும்.

நடந்தா போதுமா?

"நான்தான் தினம் நடக்கிறேனே"ன்னு சின்னம்மா கேட்டாங்க. நடக்கிறது இதயத்துக்கு நல்லது, ஆனா பழகிப்போன சுமைக்கு எலும்பு பெருசா பதில் சொல்லாது. வழக்கத்தைவிடக் கூடுதலா எடை ஏறணும். பிசியோதெரபிஸ்ட் அவங்களுக்குக் கொடுத்தது: நாற்காலியில கைய ஊணாம உட்கார்ந்து எழறது, படி ஏறறது, கையில எடை வச்சுப் பயிற்சி. வாரத்துல மூணு நாள், எடையைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டணும். கூடவே சுவரைப் பிடிச்சு ஒத்தைக் கால்ல நிக்கிறது, ஏன்னா விழாம இருக்கிறதும் சிகிச்சைதான். ஒண்ணு மட்டும் வேண்டாம்னு சொன்னாங்க: இடுப்புல இருந்து குனிஞ்சு கோலம் போடுறது. முதுகெலும்பு தேஞ்சிருக்கும்போது குனிஞ்சா எலும்போட முன்பக்கம் நசுங்கலாம். இப்ப சின்னம்மா முக்காலி போட்டு உட்கார்ந்துதான் கோலம் போடுறாங்க.

நம்ம வயசுக்காரங்களுக்கு

இதைக் கேட்கிற பாதிப் பேர் 25, 30-ல இருப்பீங்க. உங்களுக்கும் இதே கணக்குதான். கடுமையான டயட், ஓவர் ட்ரெயினிங், வேகமா எடை குறையறது, இதனால பீரியட்ஸ் நின்னா மூளை சினைப்பைக்கு அனுப்புற சிக்னலையே குறைச்சிடுது, ஈஸ்ட்ரோஜன் விழுந்துடுது. மூணு மாசம் வரலன்னா டாக்டரைப் பாருங்க. ஆறு மாசம் தாண்டினா டெக்ஸாவும் எடுக்கச் சொல்றாங்க. 40-க்கு முன்னாடி சினைப்பையே செயலிழந்துடுச்சுன்னு தெரிஞ்சா, தெரிஞ்ச அன்னைக்கே டெக்ஸா.

பி.சி.ஓ.எஸ்.ல பீரியட்ஸ் தள்ளிப்போறது வேற கதை. அங்க பொதுவா ஈஸ்ட்ரோஜன் இருக்கு, கவலை எலும்பைவிடக் கர்ப்பப்பையோட உள்சுவரைப் பத்திதான். அதனால "எனக்கு பி.சி.ஓ.எஸ்."னு நீங்களே முடிவு பண்ணாம ரத்தப் பரிசோதனையில காரணத்தைக் கண்டுபிடிங்க. டயட்டால நின்ன பீரியட்ஸுக்குக் கருத்தடை மாத்திரை போட்டா மாசாமாசம் ரத்தப்போக்கு வரும். அது மாத்திரை வர வைக்கிறது, எலும்புக்குக் காவல் இல்ல. அங்க உண்மையான மருந்து போதுமான சாப்பாடு.

2008-ல வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் வெளியிட்ட ஒரு ஆய்வுல, அந்தப் பகுதியில மெனோபாஸ் கடந்து நல்லா நடமாடிக்கிட்டிருந்த பெண்கள்ல ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு இடத்துல ஆஸ்டியோபோரோசிஸ் இருந்துச்சு. உடையுற வரைக்கும் வலிக்காது, அதான் பிரச்சினை.

அதனால இந்த வாரம் ஊருக்குப் போன் பண்ணும்போது அம்மாகிட்டயோ அத்தைகிட்டயோ மூணு கேள்வி கேளுங்க. பீரியட்ஸ் எந்த வயசுல நின்னுச்சு? ஆபரேஷன்னா சினைப்பையையும் எடுத்தாங்களா, அந்த ஃபைல் எங்க இருக்கு? சின்னதா விழுந்து எதையாவது உடைச்சிக்கிட்டீங்களா, இல்ல பழைய உயரத்துல நாலு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கீங்களா? 45-க்கு முன்னாடி நின்னிருந்தாலோ, மூணாவதுக்கு "ஆமா"ன்னு வந்தாலோ டாக்டர்கிட்ட டெக்ஸா பத்திக் கேளுங்க.

சின்னம்மாவுக்கு அடுத்த ஸ்கேன் ரெண்டு வருஷம் கழிச்சு, அதே மெஷின்ல. வேற மெஷின்ல எடுத்தா ரெண்டு நம்பரையும் நேரா ஒப்பிட முடியாது. டிஸ்சார்ஜ் சம்மரியை இப்ப போன்ல ஸ்கேன் பண்ணி குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல பின் பண்ணி வச்சிருக்கோம். அதுவும் சின்னம்மா சொன்ன ஐடியாதான்.